ஐப்பசிப் பிள்ளைக்குச் சூரியன் நீசம்: அப்பாவுக்கு என்ன ஆகும்?

ஐப்பசியில் குழந்தை பிறந்த வீட்டில் ஜாதகம் கணித்து வந்ததும் ஒரு கவலையும் கூடவே வந்துவிடுகிறது. “ஐயா, சூரியன் நீசம்னு போட்டிருக்கே, அவங்க அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா?” ஜோதிடர் எதிரே உட்கார்ந்து தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் பிழை இல்லை. நம் ஜோதிட மரபில் சூரியன் பிதுர்காரகன், அதாவது தந்தையைக் குறிக்கும் கிரகம். அவர் பலம் இழக்கும் ராசி துலாம். ஐப்பசி முழுவதும் அவர் துலாத்தில்தான் இருக்கிறார். எனவே பயம் தானாக வருகிறது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஐப்பசியின் 30 நாளும் பிறக்கிற அத்தனை குழந்தைகளுக்கும் சூரியன் துலாத்தில்தான். சூரியன் ராசிக்கு ஒரு மாதமாக 12 ராசிகளையும் சுற்றுகிறார் என்பதால், உலகில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சூரியன் நீசம். இத்தனை பேருக்கும் தகப்பன் பலம் இல்லை என்று எந்த நூலும் சொல்லவில்லை. விதியைப் பாதி படித்துவிட்டு முழுப் பலனைச் சொல்லிவிடுவதால் வரும் பயம் இது. மீதிப் பாதி என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தந்தை, அதிகாரம், மானம்

பழைய நூல்கள் கிரகங்களை ஓர் அரசவையாகக் காண்கின்றன. வராகமிகிரரின் பிருஹத் ஜாதகத்தில் சூரியனும் சந்திரனும் அரச நிலையில் இருப்பவர்கள். செவ்வாய் சேனாதிபதி, புதன் இளவரசர், குருவும் சுக்கிரனும் மந்திரிகள், சனி சேவகர். அதே நூல் சூரியனை ஆத்மா என்றும் சந்திரனை மனம் என்றும் வகுக்கிறது. சூரியனின் பலன்கள் அனைத்தும் இந்த இரண்டு வரையறைகளிலிருந்தே பிறக்கின்றன.

அரசன் என்பதால் அரசாங்கம், மேலதிகாரி, பதவி, உத்தரவு ஆகியவை சூரியனுடையவை. வீட்டுக்கு அரசன் தகப்பன் என்பதால் தந்தையும் அவரே. ஆத்மா என்பதால், “நான் இன்னார்” என்று ஒருவர் தலைநிமிர்ந்து நிற்கும் தன்மதிப்பும் அவருடையது. ஒரு குழந்தை முதன்முதலில் சந்திக்கும் அதிகாரம் தகப்பனுடையது. அந்த அதிகாரத்தின் முன் அது பயந்து நின்றதா, பெருமையோடு நின்றதா, அல்லது அந்த இடம் வெறுமையாக இருந்ததா என்பதைப் பொறுத்தே பிறகு வாத்தியார் முன்னும் மேலதிகாரி முன்னும் அது நிற்கும் விதம் அமைகிறது. இந்த மூன்றையும் ஒரே கிரகத்திடம் ஒப்படைத்ததில் நம் முன்னோர்களின் மனித அறிவு தெரிகிறது என்றே நான் நினைக்கிறேன்.

மாதம் ராசியைச் சொல்லும், நேரம் வீட்டைச் சொல்லும்

சூரியன் எந்த ராசியில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கப் பஞ்சாங்கம்கூட வேண்டாம். தமிழ் மாதம் சூரியனை வைத்தே அமைந்தது. சித்திரையில் அவர் மேஷத்தில், வைகாசியில் ரிஷபத்தில், ஆவணியில் சிம்மத்தில், ஐப்பசியில் துலாத்தில், தையில் மகரத்தில், பங்குனியில் மீனத்தில் இருப்பார். நாளைக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்வதால், மாதத்தின் தேதியே அவர் அந்த ராசியில் எத்தனையாவது பாகையில் நிற்கிறார் என்பதையும் தோராயமாகச் சொல்லிவிடும். மாதப் பிறப்பன்று பிறந்தவர்களுக்கு மட்டும், சூரியன் ராசி மாறிய நேரத்துக்கு முன்பா பின்பா என்று பார்த்தாக வேண்டும்.

நாம் வழக்கமாக “என் ராசி” என்று சொல்வது சந்திரன் நின்ற ராசியை. வெளிநாட்டு முறையில் பிறந்த தேதிக்குச் சொல்லப்படும் சூரிய ராசியும் நம் கணக்கும் இப்போது ஏறத்தாழ 24 பாகை விலகி நிற்கின்றன. அக்டோபர் 27-இல் பிறந்தவரை அவர்கள் விருச்சிகம் என்பார்கள். நமக்கு அவருடைய சூரியன் துலாத்தில்தான் இருக்கிறார்.

அடுத்தது வீடு. தென்னிந்திய ஜாதகக் கட்டத்தில் மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது கட்டம் மேஷம். அங்கிருந்து வலப்புறமாகச் சுற்றி வந்தால் 12 ராசிகளும் முடியும். “ல” என்று எழுதியுள்ள கட்டம் லக்னம், அதுதான் முதல் வீடு. அதிலிருந்து “சூ” என்று எழுதியுள்ள கட்டம் வரை எண்ணினால் சூரியன் நின்ற வீடு கிடைக்கும்.

இதையும் பிறந்த நேரத்தை வைத்தே ஊகிக்கலாம். லக்னம் என்பது பிறந்த கணத்தில் கிழக்கே உதயமாகும் ராசி. சூரியோதயத்தை ஒட்டிப் பிறந்தவருக்குச் சூரியன் லக்னத்திலேயே இருப்பார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லக்னம் அடுத்த ராசிக்கு நகர்வதால், பொழுது ஏற ஏறச் சூரியன் 12, 11, 10 என்று பின்னோக்கிப் போவார். உச்சிப் பொழுதில் 10-ஆம் வீடு, அஸ்தமன நேரத்தில் 7-ஆம் வீடு, நள்ளிரவில் 4-ஆம் வீடு. “ராத்திரி பன்னிரண்டுக்குப் பிறந்தான்” என்று சொல்லும் பையனின் ஜாதகத்தில் சூரியன் 10-இல் இருந்தால், நேரத்திலோ கணிப்பிலோ தவறு நேர்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

ராசி காட்டும் குணம்

சூரியனின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை ராசி சொல்லும். மேஷத்தில் 10-ஆம் பாகையில் அவருக்கு உச்சத்தின் உச்சம். சித்திரையில் பிறந்தவரின் தன்மதிப்பு உள்ளிருந்தே ஊறி வருவது, அடுத்தவர் பாராட்டுக்குக் காத்திராதது. அதன் மறுபக்கம், பிறர் சொல் காதில் ஏறாமல் போவது. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற எண்ணத்தில் ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. ஆனால் ஜாதக நூல்களின் கணக்கில் சூரியன் பூரண பலத்தோடு இருப்பது அந்த மாதத்தில்தான்.

ஆவணியில் அவர் சொந்த வீடான சிம்மத்தில் ஆட்சி பெறுகிறார். அங்கே மானம் பொறுப்போடு சேர்ந்து வரும். தையிலும் மாசியிலும் அவர் இருப்பது மகரத்திலும் கும்பத்திலும், அதாவது சனியின் வீடுகளில். புராணப்படி சனி சூரியனின் மகன், அதே சமயம் அவருக்குப் பகை. பகை வீட்டில் சூரியன் உள்ளவருக்கு மரியாதை பிறப்பால் வராமல் உழைப்பால் வரும் என்றும், கொஞ்சம் தாமதமாகவே வரும் என்றும் பலன் சொல்வார்கள். தகப்பனோடு பேச்சு குறைவதும் இந்த அமைப்பில் சொல்லப்படுவது.

இனி துலாம். அதன் உருவம் கையில் தராசு பிடித்த மனிதன். கொடுக்கல் வாங்கலும் சமரசமும் கூட்டும் அந்த ராசியின் இயல்பு. அரசனுக்கு இங்கே சிம்மாசனம் கிடையாது, மற்றவர்களோடு சரிசமமாக நின்றே பேச வேண்டும். நீச சூரியன் உள்ளவர் தன் மதிப்பை அடுத்தவர் கண்ணில் பார்த்து எடை போடுவார். ஒரு சொல் குறைந்தால் சுருங்கிப் போவார். உத்தரவிட வேண்டிய இடத்தில் கெஞ்சுவார், பிறகு அதற்காகத் தன்னையே நொந்துகொள்வார். நீசம் என்ற சொல்லைக் கேட்டு ஆளே இழிந்தவர் என்று பொருள் கொள்வது பெரிய அநியாயம். எல்லோருக்கும் நியாயம் பார்க்கும் பக்குவமும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது.

துலாத்திலும் 10-ஆம் பாகைதான் ஆழமான நீசம். எனவே ஐப்பசி 10-ஐ ஒட்டிப் பிறந்தவருக்கும் ஐப்பசி 28-இல் பிறந்தவருக்கும் ஒரே பலனைச் சொல்லிவிட முடியாது. பின்னவரின் சூரியன் ஆழத்தைக் கடந்து வெளியே வந்துகொண்டிருக்கிறார்.

வீடு காட்டும் களம்

அந்தக் குணம் வாழ்க்கையின் எந்தப் பக்கத்தில் வெளிப்படும் என்பதை வீடு சொல்லும். 10-ஆம் வீட்டில் சூரியனுக்குத் திக்பலம் உண்டு. தலைக்கு மேலே காயும் நண்பகல் சூரியன் அது. அவர் மானம் தொழிலில் கட்டப்படும். பதவி உயர்ந்தால் ஆளே வளர்வார், பதவி போனால் உடம்பே தளர்வார். 4-ஆம் வீட்டில் அந்தத் திக்பலம் இல்லை. அங்கே அவர் மானம் வீட்டுக்குள் இருக்கும். ஊரே மதித்தாலும் சொந்த வீட்டில் ஒரு சொல் தடித்தால் அவரால் தாங்க முடியாது.

12-ஆம் வீட்டில் சூரியன் இருந்தால் தகப்பன் வெளியூரிலோ வெளிநாட்டிலோ உழைப்பதும், ஜாதகர் பெயர் வெளியே தெரியாத இடத்தில் வேலை செய்வதும் பொதுவாகச் சொல்லப்படும் பலன்கள். லக்னத்தில் இருந்தால் மானமே முகமாகிவிடும். கூட்டத்தில் பேசாமல் நின்றாலும் அவரை யாரும் கவனிக்காமல் போக முடியாது.

9-ஆம் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. அது தந்தைக்குரிய வீடு. தந்தைக்குரிய கிரகமே அங்கு வந்து அமர்ந்தால், காரகன் பாவத்தில் இருந்தால் பாவம் கெடும் என்ற விதியைச் சிலர் உடனே நீட்டுவார்கள். இந்த விதியைத் தனியாக நிறுத்தித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 9-இல் நிற்கும் சூரியன் ஆட்சியிலோ உச்சத்திலோ இருந்தால் தகப்பன் ஊரறிந்த மனிதராக இருப்பதையும், அவர் நிழலிலிருந்து விலகித் தன் பெயரைத் தானே சம்பாதிக்க மகன் பாடுபடுவதையும் காணலாம். விதி சொல்லும் கெடுதல் பல நேரம் இந்த அளவிலேயே நின்றுவிடும்.

தகப்பனுக்கு மூன்று சாட்சிகள்

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். தந்தையைப் பற்றிப் பலன் சொல்ல மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: காரகனான சூரியன், 9-ஆம் வீடு, அந்த வீட்டுக்கு அதிபதி. தகப்பனுக்குப் பத்தாம் வீட்டைப் பார்க்கும் வழக்கமும் இந்தியாவில் உண்டு. ஆனால் தமிழகத்திலும் கேரளத்திலும் 9-ஆம் வீட்டைப் பார்ப்பதே பெருவழக்கு. மூவரில் இருவர் நன்றாக இருந்தால் தகப்பனைப் பற்றிய பயத்துக்கு இடமில்லை. அப்போது சூரியனின் பலவீனம் தகப்பனை விட்டுவிட்டு ஜாதகரின் அதிகாரத்திலும் தன்மதிப்பிலும் வெளிப்படும். மூவருமே கெட்டிருந்தால்தான் தகப்பனின் உடல்நலம், பிரிவு, மனஸ்தாபம் பற்றிப் பேச வேண்டும்.

இன்னொன்று பலரும் மறந்துவிட்ட விதி. பகலில் பிறந்தவருக்குச் சூரியனைத் தந்தையாகவும், இரவில் பிறந்தவருக்குச் சனியைத் தந்தையாகவும் கொள்ளச் சொல்கிறார் வராகமிகிரர். ஐப்பசி இரவில் பிறந்த பிள்ளையின் தகப்பனுக்கு இந்த விதிப்படி சனியை ஆராய வேண்டும். சூரியன் நீசம் என்ற ஒரே வரியோடு ஜாதகத்தை மூடிவிடுகிறவர் இதையெல்லாம் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு ஜாதகத்தைப் பிரித்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு ஜாதகம் அமைத்துக்கொள்வோம். ஐப்பசி 10-ஆம் தேதி, பகல் 12 மணி 5 நிமிடம், பிறந்த ஊர் சென்னை. லக்னம் மகரம். சூரியன் துலாத்தில் சுமார் 9-ஆம் பாகையில். மகரத்திலிருந்து எண்ணினால் துலாம் 10-ஆம் வீடு. சுக்கிரன் அதே துலாத்தில் 26-ஆம் பாகையில். புதன் கன்னியில் 18-ஆம் பாகையில். சந்திரன் மகம் நட்சத்திரத்தில், சிம்மத்தில்.

முதலில் ராசி. சூரியன் ஆழ்ந்த நீசத்துக்கு மிக அருகில் இருக்கிறார். அடுத்து வீடு. அவர் நிற்பது திக்பலம் பெறும் 10-ஆம் இடம். ஆக, மதிப்புக் குறைந்தவர் பலமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பையன் அதிகாரம் உள்ள இடத்துக்கு வருவான், வந்த பிறகு அதைச் செலுத்தத் தயங்குவான்.

மூன்றாவதாக, நீசத்துக்குப் பரிகாரம் ஜாதகத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீசமான கிரகம் நின்ற ராசியின் அதிபதி லக்னத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில், அதாவது 1, 4, 7, 10-ஆம் இடங்களில் இருந்தால் நீசபங்கம். துலாத்தின் அதிபதி சுக்கிரன். அவர் 10-ஆம் கேந்திரத்தில் தன் சொந்த வீட்டில் இருக்கிறார். சூரியனை விட்டு 17 பாகை தள்ளி இருப்பதால் அஸ்தங்கமும் இல்லை. நீசம் பங்கமாகிறது. சூரியன் நவாம்சத்தில் தனுசில், நட்பான குருவின் வீட்டில் அமர்வது இன்னொரு ஆறுதல். ஆனால் நீசபங்கம் என்பது குறையே இல்லாத நிலை அல்ல. முதலில் தாழ்ந்து பின்னர் எழும் நிலை அது. இந்தப் பையனுக்குத் தொடக்க காலத்தில் ஓர் அவமானமும், அதைக் கடந்து வரும் மரியாதையும் சேர்ந்தே வரும் என்று சொல்லலாம்.

நான்காவது, தகப்பன். மகரத்துக்கு 9-ஆம் வீடு கன்னி. அதன் அதிபதி புதன் அங்கேயே இருக்கிறார். கன்னி அவருக்கு ஆட்சி வீடும் உச்ச வீடும் ஆகும். மூன்று சாட்சிகளில் இருவர் தெளிவாக நல்ல சாட்சி சொல்கிறார்கள். தகப்பன் படித்தவராக, கணக்கு வழக்கில் கெட்டிக்காரராக, மகனுக்குப் பக்கபலமாக இருப்பார். அந்தத் தாயின் கேள்விக்கு இந்த ஜாதகம் தரும் பதில்: “அம்மா, பயப்பட வேண்டாம். அப்பா நன்றாக இருப்பார். பையனை மட்டும் நாலு பேர் முன்னால் மட்டம் தட்டாமல் வளருங்கள்.”

மகர லக்னத்துக்குச் சூரியன் 8-ஆம் அதிபதி ஆயிற்றே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். சூரிய சந்திரர்களுக்கு எட்டுக்குடைய தோஷம் இல்லை என்பது விதி. வேலையில் எதிர்பாராத திருப்பங்கள் வரும் என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

இனி ஒரே ஒரு கிரகத்தை மாற்றிப் பாருங்கள். புதன் கன்னியில் இல்லாமல் துலாத்தில், சூரியனுக்கு மூன்று பாகைக்குள் வந்து அஸ்தங்கமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சனி மேஷத்திலிருந்து ஏழாம் பார்வையாகச் சூரியனையும் பார்க்கிறார். இப்போது 9-ஆம் அதிபதி பலம் இழந்து, நீச சூரியனோடு சேர்ந்து, சனி பார்வையிலும் இருக்கிறார். சூரியன் அதே ராசியில், அதே வீட்டில், அதே நீசபங்கத்தோடுதான் இருக்கிறார். ஆனால் தகப்பனைப் பற்றிய பலன் மாறிவிட்டது. அவரோடு கருத்து மோதலோ, அவர் உடல்நலத்தில் அக்கறையோ பேச வேண்டியதாகிறது.

இருபது நிமிடம் செய்யும் வேலை

இந்த ஜாதகத்தில் மிக நுட்பமான இடம் பிறந்த நேரம். 12.05 என்பது 11.45 என்று எழுதப்பட்டிருந்தால் லக்னம் மகரமாக இராது, தனுசின் கடைசிப் பாகைகளாக இருக்கும். சூரியன் 10-இல் இல்லாமல் 11-ஆம் வீட்டுக்குப் போய்விடுவார், திக்பலம் குறையும். அதைவிட முக்கியம், தனுசுக்கு 9-ஆம் வீடு சிம்மம், அதன் அதிபதி சூரியனே. தந்தைக்குரிய கிரகமும் தந்தை வீட்டுக்கு உரியவரும் ஒரே நீச சூரியன் ஆகிவிடுவார். மூன்று சாட்சிகளில் இருவர் ஒரே ஆளாகி அவரும் பலம் குறைந்து நிற்பார். இருபது நிமிடத்தில் தகப்பனைப் பற்றிய பலன் தலைகீழாகிவிடுகிறது.

மருத்துவமனைச் சீட்டில் குழந்தை பிறந்த நேரத்துக்குப் பதில் பதிவு செய்த நேரம் ஏறிவிடுவது உண்டு. லக்னம் ராசியின் முதல் சில பாகைகளிலோ கடைசிப் பாகைகளிலோ விழுந்திருந்தால், அந்த நேரம் எப்படிக் குறிக்கப்பட்டது என்று கேட்டறியாமல் தகப்பனைப் பற்றிப் பலன் சொல்லக் கூடாது. கேட்கிறவரும் தன் லக்னப் பாகையை அறிந்து வைத்திருப்பது நல்லது.

எப்போது வெளிப்படும்?

ஜாதகத்தில் உள்ளது எல்லா வயதிலும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. விம்சோத்தரி தசைக் கணக்கில் சூரிய தசை 6 ஆண்டுகள், அது சுக்கிர தசையின் 20 ஆண்டுகள் முடிந்ததும் வரும். நம் உதாரணப் பையன் மகம் நட்சத்திரம், எனவே பிறப்பில் கேது தசை. அதில் 4 ஆண்டுகள் மீதி இருந்ததாகக் கொண்டால், சுக்கிர தசை முடியும்போது அவனுக்கு வயது 24. அங்கிருந்து 30 வரை சூரிய தசை. முதல் வேலை, முதல் மேலதிகாரி, முதல் பதவி ஆகிய மூன்றும் வரும் வயது அது. தகப்பனிடம் சொல்லாமல் விட்டதை மேலதிகாரியிடம் சொல்லிவிடத் தோன்றும் காலமும் அதுதான்.

அந்த ஆறு ஆண்டுகளில் அவன் சரிசமமாகப் பேசிப் பழகும் இடங்களைத் தேர்ந்தெடுத்தால் துலாத்தின் பலம் கைகொடுக்கும். வழக்காடுவது, பேச்சுவார்த்தை நடத்துவது, மக்களோடு தொடர்புள்ள நிர்வாகம் போன்றவை அவனுக்குப் பொருந்தும். தலையசைத்து நிற்க மட்டுமே அனுமதிக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டால் நீசம் தன் வேலையைக் காட்டும். இதை 24 வயதில் எச்சரிக்கையாகச் சொல்வதைவிட, பத்து வயதிலிருந்தே வீட்டில் அவன் கருத்தைக் கேட்டு, அவன் சொன்னதில் ஒன்றையாவது நடத்திக் காட்டி வளர்ப்பது மேல். சூரியன் நீசம் என்ற வரியை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் செய்யக்கூடிய பரிகாரங்களில் இதற்கு மிஞ்சியது எனக்குத் தெரியவில்லை.